முகத்திலும் தலையிலும் வட்டத் திட்டு: டிஸ்காய்டு லூபஸைப் படர்தாமரையிலிருந்தும் சொரியாசிஸிலிருந்தும் பிரித்தறிவது எப்படி?

காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பலகாரம் செய்து கொடுக்கும் 36 வயதுப் பெண் ஒருவர், ஓர் ஆவணி மாதத்தில் தம் மாமியாருடன் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் திட்டு ஒன்று இருந்தது. அதன் நடுப்பகுதி வெளுத்துப் பள்ளமாகவும், விளிம்பு கருஞ்சிவப்பாகவும், மேலே ஒட்டிப் பிடித்த செதிலோடும் காணப்பட்டது. மாசி மாதத்தில் கடுகளவாகத் தொடங்கிய அது, வற்றலும் வடகமும் மொட்டை மாடியில் காயப்போடும் பங்குனி, சித்திரை மாதங்களில் வேகமாக வளர்ந்திருந்தது. மருந்துக் கடையில் படர்தாமரைக்கென்று கொடுத்த களிம்பை அவர் நான்கு மாதம் பூசியிருந்தார். "போட்டா வாடுது டாக்டர், விட்டா மறுபடி பூக்குது" என்றார். அதன்பின் ஒருவர் இது சொரியாசிஸ் என்று சொல்ல, வெட்பாலைத் தைலத்தைத் தடவிக்கொண்டு தினமும் காலை வெயிலில் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். அந்த ஒரு மாதத்தில்தான் தலையிலும் ஒரு திட்டு வந்து, அங்கே முடி உதிர்ந்துவிட்டது.

மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இது ஒட்டுவாரொட்டியாம்மா?" என்பதுதான். வீட்டில் மருமகளின் துண்டும் தலையணையும் தனியாக வைக்கப்பட்டிருந்தன. அவருக்கு இருந்தது டிஸ்காய்டு லூபஸ். அது யாருக்கும் ஒட்டாது. ஆனால் ஆறு மாதம் வேறு இரண்டு நோய்களின் பெயரால் வைத்தியம் நடந்ததால், ஒட்டாத அந்த நோய் திரும்பப் பெற முடியாத சிலவற்றை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தக் குழப்பத்தை எப்படிப் படிப்படியாகத் தெளிவது என்பதை அவருடைய நோயை முன்வைத்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: மூன்று நோய்களும் தாக்கும் இடம் வேறு

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. அந்தப் பூஞ்சை தோலின் மேற்புறத்திலுள்ள இறந்த அடுக்கையும், முடியையும், நகத்தையும் உணவாகக் கொள்கிறது. நடுவிலிருந்து வெளிநோக்கி மேய்ந்துகொண்டே போவதால்தான் நடுப்பகுதி தெளிந்தும் விளிம்பு மட்டும் புடைத்தும் வளையமாகத் தெரிகிறது. பூஞ்சை ஒழிந்தால் கீழேயுள்ள தோல் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கும்.

சொரியாசிஸில் உடலின் எதிர்ப்புச் சக்தி, தோலின் மேலடுக்கை அளவுக்கு மீறி வேகமாக வளரச் செய்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடக்க வேண்டிய செல் வளர்ச்சி சில நாட்களிலேயே முடிந்துவிடுவதால், வெள்ளிநிறச் செதில்கள் அடுக்கடுக்காகக் குவிந்து உதிர்கின்றன. இங்கே நடப்பது மிகை வளர்ச்சி. மயிர்க்கால்கள் பொதுவாக அழிவதில்லை.

டிஸ்காய்டு லூபஸிலும் எதிர்ப்புச் சக்திதான் தடம் மாறுகிறது. ஆனால் அது தாக்குவது மேலடுக்கின் அடித்தளத்தையும் மயிர்க்காலைச் சுற்றியுள்ள பகுதியையும் ஆகும். நிறத்தைத் தரும் செல்கள் அந்த அடித்தளத்தில் இருப்பதால் நடுப்பகுதி வெளுக்கிறது. சிந்திய நிறமி கீழே தேங்குவதாலும் விளிம்பில் அழற்சி தொடர்வதாலும் ஓரம் கருக்கிறது. முடியை மறுபடி முளைக்கச் செய்யும் மூலச் செல்கள் மயிர்க்காலின் பக்கவாட்டில் ஒரு சிறு மேட்டில் இருக்கின்றன. அவை அழிந்தபின் அந்தத் துளை மூடித் தழும்பாகிவிடும். மூடிய துளையிலிருந்து எந்தத் தைலமும் எந்த மாத்திரையும் முடியை வரவழைக்காது. ஆகவே திட்டு சிவப்பா, வட்டமா என்று பார்ப்பதைவிட, அதற்குள் மயிர்க்கால் துளைகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயனுள்ளது.

கண்ணால் பார்க்கும் படிகள்

நல்ல பகல் வெளிச்சத்தில், சன்னலருகே அல்லது வளவின் ஓரத்து நிழலில், பூச்சு எதுவும் இல்லாத முகத்தைப் பார்க்க வேண்டும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அது கத்தரிப்பூ நிறமாகவோ, பழுப்பாகவோ, வெறும் கருப்பாகவோ தெரியும். பலர் இதை மங்கு என்று நினைத்துப் பல மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள்.

அடுத்து செதிலைப் பார்க்க வேண்டும். சொரியாசிஸின் செதில் தளர்ந்தது. சுரண்டினால் பொடியாக உதிரும். டிஸ்காய்டு லூபஸின் செதில் ஒட்டிப் பிடித்தது. அது மயிர்க்கால் துளைகளுக்குள் ஆப்புபோல் இறங்கியிருப்பதால், மருத்துவர் மெதுவாக உயர்த்திப் பார்க்கும்போது அதன் அடிப்புறத்தில் பலாத்தோலின் முட்களைப் போன்ற நுண்ணிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதை வீட்டில் உரித்துப் பார்க்கக் கூடாது. இந்த நோயில் தோல் காயப்பட்ட இடத்தில் புதுத் திட்டு தோன்றும் தன்மை உண்டு. எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது போன்ற எரிச்சலூட்டும் பொருள்களை அரைத்துப் பூசுவதும் இதனாலேயே தவறாகப் போகிறது.

பிறகு காதைப் பாருங்கள். நான் மிகவும் நம்பும் அடையாளம் இதுதான். காது மடலின் உட்குழிவில், துளைக்குச் சற்று வெளியே, கருத்த புள்ளிகளாக அடைபட்ட துளைகளும் சிறு பள்ளங்களும் இருந்தால் டிஸ்காய்டு லூபஸின் சாத்தியம் வெகுவாகக் கூடுகிறது. அந்தப் பெண்ணின் இடது காதில் அது தெளிவாக இருந்தது. கன்னத்தைக் காட்டியே ஆறு மாதம் வைத்தியம் செய்துகொண்ட அவரிடம் அதுவரை யாரும் காதைக் காட்டச் சொல்லவில்லை.

தலையில் திட்டு இருந்தால் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். சொரியாசிஸில் தடித்த செதிலின் ஊடாக முடி வளர்ந்துகொண்டேயிருக்கும். திட்டு பெரும்பாலும் நெற்றியோர முடிக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் வழிந்திருக்கும். தலைப் படர்தாமரை பெரும்பாலும் குழந்தைகளின் நோய். முடி வேரோடு உதிராமல் தோலையொட்டி முறிந்து கரும்புள்ளிகளாக நிற்கும், கழுத்தில் நெறிகட்டியிருக்கலாம். டிஸ்காய்டு லூபஸிலோ திட்டின் நடுப்பகுதி வழுவழுப்பாகி, துளைகளே இல்லாமல் பளபளக்கும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு: சீழோடு வீங்கும் கடுமையான தலைப் படர்தாமரையும் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். ஆனால் அது வாரக்கணக்கில் வலியோடு வருவது, மாதக்கணக்கில் சத்தமின்றி வளர்வதல்ல.

முகத்தை விட்டு உடலின் மற்ற பகுதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் செதில் திட்டுகளும், நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகளும் இருந்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும். இடுப்புமடிப்பிலோ தொடையிடுக்கிலோ அரிக்கும் வளையங்கள் இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதே அரிப்பு இருந்தால் படர்தாமரையை நினைக்க வேண்டும். முகத்தில் மட்டும் வரும் படர்தாமரை வெயிலில் எரிந்து சிவக்கும் என்பதால், தோல் மருத்துவர்களையே ஏமாற்றி லூபஸாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்ததோடு நிறுத்த முடியாது.

வெளுத்த திட்டு என்றவுடன் நம் பக்கத்தில் தொழுநோய் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் தொடு உணர்வு குறைந்திருக்கும். லூபஸ் திட்டில் உணர்வு இருக்கும். பஞ்சு முனையால் தொட்டுப் பார்த்தால் முதற்கட்டமாக ஒரு தெளிவு கிடைக்கும். சந்தேகம் இருந்தால் அதையும் மருத்துவரிடமே கேட்டுவிட வேண்டும்.

களிம்பில் வாடியது ஏன்?

கடையில் படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு கிளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு எந்த நோயின் அழற்சியையும் சில நாட்களுக்குத் தணிக்கும். லூபஸும் வாடும், சொரியாசிஸும் வாடும், படர்தாமரையும் அரிப்பு நின்று மங்கும். எனவே களிம்பைப் பூசிக் குறைந்தது என்பதை வைத்து அது படர்தாமரைதான் என்று முடிவு கட்டக் கூடாது. உண்மையான படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டின் நிழலில் பூஞ்சை இன்னும் பரவி, வளைய வடிவத்தையே இழந்து, அடையாளம் தெரியாமல் உருமாறிவிடும். குழாயின் உறையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'சோல்', 'சோன்' என்று முடியும் பெயர்களில் எது ஸ்டீராய்டு என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். குழாயையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

தவறான பெயரால் செய்யும் வைத்தியம் பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை, கேடும் செய்கிறது. சொரியாசிஸுக்கு வெயிலும் புறஊதா ஒளிச் சிகிச்சையும் நன்மை செய்யும். அதே ஒளி லூபஸைக் கிளறிவிடும். பூஞ்சைக்கு வாய்வழி கொடுக்கும் டெர்பினஃபைன் மாத்திரை, சிலருக்குத் தோல் லூபஸைத் தூண்டவல்லது. மறுபுறம், லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையால் சிலருக்குச் சொரியாசிஸ் மோசமாகக் கூடும். அந்தப் பெண் வெயிலில் நின்ற ஒரு மாதத்தில் தலைக்குப் பரவியதை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். தைலத்தைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை; நோய் வேறாக இருந்ததால் அதனுடன் சேர்ந்த வெயில் கெடுதலாயிற்று.

பரிசோதனைகள், செய்ய வேண்டிய வரிசையில்

முதலாவது, செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. சில நிமிடங்களிலேயே முடிவு தெரியும். செலவும் மிகக் குறைவு. பூஞ்சை இழைகள் தெரிந்தால் படர்தாமரை உறுதி. ஆனால் பூஞ்சைக் களிம்பைப் பூசிக்கொண்டே வந்தால் இழைகள் தெரியாமல் போகலாம் என்பதால், சாத்தியமானால் ஒன்றிரண்டு வாரம் எல்லாப் பூச்சையும் நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வார இடைவெளியில் இரு முறை செய்தோம். இரு முறையும் பூஞ்சை இல்லை.

இரண்டாவது, பயாப்ஸி. இந்தச் சொல்லைக் கேட்டதும் புற்றுநோயா என்று முகம் வெளிறுபவர்கள் பலர். இங்கே செய்வது, உணர்வு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒரு சிறு துண்டை எடுத்து ஒரு தையல் போடுவது மட்டுமே. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வெளுத்து அடங்கிப்போன நடுப்பகுதியிலிருந்து எடுத்தால் வெறும் தழும்பு என்றுதான் அறிக்கை வரும். செதிலும் சிவப்பும் இன்னும் உயிரோடு இருக்கும் விளிம்பிலிருந்து, தலையாயின் முடி மிச்சமிருக்கும் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். அவருக்குக் காதுக்குப் பின்னால் தலையிலிருந்த திட்டின் ஓரத்தில் எடுத்ததால் முகத்தில் தையல் தேவைப்படவில்லை. அடித்தளச் செல்களின் சிதைவும், அடைபட்ட மயிர்க்கால்களும், அவற்றைச் சுற்றி வெள்ளணுக்களின் கூட்டமும் இருப்பதாக அறிக்கை வந்தது.

மூன்றாவது, நோய் தோலோடு நிற்கிறதா என்று பார்ப்பது. லூபஸ் என்ற பெயர் உடலின் உள்ளுறுப்புகளைத் தாக்கும் நோய்க்கும் உண்டு என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. ஏ.என்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை, முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீரில் புரதம் ஆகியவை போதும். டிஸ்காய்டு லூபஸ் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஏ.என்.ஏ. எதிர்மறையாகவே இருக்கும், அதனால் அந்த ஒரு சோதனையை வைத்து லூபஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. திட்டுகள் கழுத்துக்கு மேலே மட்டும் இருப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 பேருக்கே பின்னாளில் உள்ளுறுப்பு லூபஸ் வருகிறது. மார்பிலும் கைகளிலும் பரவியிருந்தால் அந்த வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனைகளுக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே தோல் நோய்ப் பிரிவுக்குப் போவது, களிம்பை மாற்றி மாற்றி வாங்குவதைவிடச் செலவு குறைந்தது.

சிகிச்சை

பெயர் உறுதியானபின் அதே ஸ்டீராய்டே மருந்தாகிறது. இந்த முரண் நோயாளிகளைக் குழப்பும் என்பதால் நான் ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்வதுண்டு. முன்பு அவர் பூசியதற்கு அளவும் இல்லை, கெடுவும் இல்லை. இப்போது கன்னத்திலும் காதிலும் வீரியமான ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு மட்டும், திட்டின் மேல் மட்டும் பூச வேண்டும். பிறகு தோல் மெலியாமலிருக்க டாக்ரோலிமஸ் 0.1 சதவீதக் களிம்புக்கு மாற வேண்டும். தலைத் திட்டில் அழற்சி மயிர்க்காலைச் சுற்றி ஆழத்தில் நடப்பதால் களிம்பு மட்டும் போதாமல் போகலாம். அங்கே ட்ரையம்சினோலோன் மருந்தை 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை திட்டின் உயிருள்ள விளிம்பில் ஊசியாகப் போட்டோம்.

தலையில் தழும்பு பரவிக்கொண்டிருந்ததால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையையும் தொடங்கினோம். இதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது: நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவர் எடை 48 கிலோ. 48 ஐ 5 ஆல் பெருக்கினால் 240. ஆகவே நாளுக்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். இரண்டாகக் கொடுத்திருந்தால் அளவு மீறியிருக்கும். மிக நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படலாம் என்பதால், முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனையும், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றும் தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தேவைப்படும்.

இந்த மாத்திரை மெல்ல வேலை செய்வது. 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டுப் பழைய களிம்புக்குத் திரும்புவதே நான் அதிகம் காணும் தவறு. புகைபிடிப்பவர்களுக்கு நோய் கடுமையாவதோடு மாத்திரையின் பலனும் குறைகிறது. ஆண் நோயாளிகளிடம் பீடி, சிகரெட்டைப் பற்றி நான் கட்டாயம் கேட்பது அதனால்தான். இந்த மருந்துகளுக்கு அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்சேட் போன்ற அடுத்த நிலை மருந்துகள் உண்டு. கர்ப்பத்தைத் திட்டமிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெயில்: செட்டிநாட்டில் இது மருந்துக்குச் சமம்

எங்கள் பக்கத்து வெயிலை விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு பூசிய வெள்ளை மாடியிலிருந்து மேல்நோக்கித் திரும்பும் ஒளியும் முகத்தைத் தாக்கும் என்பதால், முக்காடு மட்டும் போதாது. எஸ்.பி.எஃப். 50 உள்ள சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழு நீளத்துக்கு நிறையும் அளவு எடுத்து, முகம், கழுத்து, காது மடல் எல்லாவற்றிலும் வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். காதை மறப்பவர்களே அதிகம். மேகமூட்டத்திலும் பூச வேண்டும். பேருந்தின் கண்ணாடிச் சன்னல் வழியாகவும் ஒரு பகுதி புறஊதாக் கதிர் உள்ளே வரும்.

அவருடைய பிழைப்பே மாடியில் இருந்தது. எனவே, விடிந்தும் விடியாத நேரத்தில் வடகம் பிழிவதை அவரும், பகலில் திருப்பிப் போடுவதையும் மாலையில் அள்ளுவதையும் மாமியாரும் செய்வதென்று அந்த வீட்டில் பிரித்துக்கொண்டார்கள். ஒட்டுவாரொட்டியா என்று கேட்டவர்தான் அந்த யோசனையையும் சொன்னார்.

இன்னும் இரண்டு விஷயங்களை இப்பக்கத்து நோயாளிகளிடம் தனியே சொல்வேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்வது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். நாள்கணக்கில் திறந்த சாலையில் நடப்பதால், நோய் அடங்காத ஆண்டில் அதைத் தள்ளிப்போடுங்கள். போகத்தான் வேண்டுமென்றால் அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் நடந்து, அகல விளிம்புத் தொப்பியோடு போங்கள். தலையில் திட்டு உயிரோடு இருக்கும்போது முடிகாணிக்கை வேண்டாம். சவரக் கத்தியின் கீறலும் மறைப்பற்ற தலையில் விழும் வெயிலும் புதுத் திட்டுகளுக்கு வழிவிடும். இப்படி வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம் என்பதால் அதையும் பார்த்துக் கொடுக்கிறோம்.

குணமாகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

திட்டின் வெண்மையும் பள்ளமும் மறையாததைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று மனமுடைந்து போகிறார்கள். அவை நோய் விட்டுப்போன தடங்கள். விளிம்பின் சிவப்பு, செதில், அரிப்பு அல்லது வலி, திட்டின் பரப்பு ஆகிய நான்குமே நோய் உயிரோடு இருப்பதைக் காட்டுபவை. மாதம் ஒருமுறை, அதே சன்னலருகே, அதே நேரத்தில், திட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், நினைவில் தங்காத மாற்றங்கள் படத்தில் தெரியும்.

காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப்புண், நுரைத்த சிறுநீர், கால் வீக்கம், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும். பல ஆண்டுப் பழைய தழும்பில், குறிப்பாக உதட்டிலோ காதிலோ, தடிப்போ ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ தோன்றினால் மீண்டும் பயாப்ஸி எடுக்க வேண்டும். அத்தகைய தழும்புகளில் அரிதாகத் தோல் புற்றுநோய் உருவாவதுண்டு.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் விளிம்பின் சிவப்பு அடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் தலைத் திட்டின் ஓரத்தில், துளைகள் மிச்சமிருந்த ஒரு விரலகலப் பட்டையில் முடி முளைத்திருந்தது. நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு, முளைக்கவில்லை. இனி முளைக்காது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வகிட்டை இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். கன்னத்தின் பள்ளம் அப்படியே இருக்கிறது, நிறம் பாதி திரும்பியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருகிறார். இதுவரை புரதம் இல்லை.